பத்து மணிக்குப் போய்விடும் தலைவலி

கேள்வி: என் மாமனாருக்கு 68 வயது. கொஞ்ச நாளாகக் காலையில் எழுந்ததும் பின்மண்டையில் வலி என்கிறார். காபி குடித்து, குளித்து, பேப்பர் படித்து முடிப்பதற்குள் போய்விடுகிறதாம். பி.பி. பார்க்கலாம் என்றால், "பி.பி. இருந்தால் நாள் முழுக்க வலிக்காதா?" என்று கேட்கிறார். காலைத் தலைவலிக்கும் ரத்த அழுத்தத்துக்கும் உண்மையிலேயே தொடர்பு உண்டா?

பதில்:

உண்டு. ஆனால் பலர் நினைக்கிற விதத்தில் அல்ல. ரத்த அழுத்தம் 150, 160 என்று இருக்கிறவர்களில் பெரும்பாலானோருக்குத் தலை வலிப்பதே இல்லை. தலைவலி என்று வருகிறவர்களிலும் பெரும்பாலானோருக்கு ரத்த அழுத்தம் ஒழுங்காகத்தான் இருக்கிறது. இரண்டும் சேர்ந்து வருவது பெரும்பாலும் அழுத்தம் 180-ஐ நெருங்கும்போதோ தாண்டும்போதோதான். அப்படி வரும் தலைவலிக்கு ஒரு சாயல் உண்டு: பின்மண்டையில் இருக்கும், எழும்போதே இருக்கும், பொழுது ஏற ஏறக் குறையும். 1913-இலேயே அமெரிக்க மருத்துவர் தியோடர் ஜேன்வே இதை இப்படித்தான் விவரித்தார். உங்கள் மாமனார் "போய்விடுகிறதே" என்று எதைச் சமாதானமாகச் சொல்கிறாரோ, அதுதான் என்னை யோசிக்க வைக்கிறது.

நான் நங்கநல்லூர்ப் பக்கம் சிறிய கிளினிக் நடத்தும் பொது மருத்துவன். உங்கள் மாமனாரைப் போலவே வாதாடிய ஒருவரின் கதையைச் சொன்னால் மற்றதெல்லாம் விளங்கும். ஆளை அடையாளம் காண முடியாதபடி சிலவற்றை மாற்றியிருக்கிறேன். தெருவில் அவருக்குப் பெயர் 'கேஷியர் சார்'. வங்கியில் எழுத்தராகச் சேர்ந்து, பல காலம் கவுண்ட்டரில் உட்கார்ந்து, எழுத்தராகவே ஓய்வு பெற்றவர். பதவி உயர்வு கொடுத்தால் வெளியூருக்கு மாற்றுவார்கள் என்று வேண்டாம் என்று எழுதிக் கொடுத்துவிட்டவர். அதில் அவருக்கு வருத்தமும் இல்லை. சாயங்காலம் ஒரு ரூபாய் இடித்தால்கூட அது எங்கே என்று தெரியாமல் வீட்டுக்குப் போகமாட்டாராம்.

அவருக்குத் தலைவலி மார்கழியில் தொடங்கியது. விடியற்காலையில் கோயிலுக்குப் போகிறவர் என்பதால் பனிதான் காரணம் என்று முடிவு கட்டி, குரங்குக் குல்லாய் போட்டுக்கொண்டார். தை பிறந்தது, வலி போகவில்லை. தலையணை உயரம் என்று அதைத் தூக்கிப் போட்டார். சித்திரையில் வெயில், வைகாசியில் ஏ.சி. காற்று, நடுவில் கொஞ்ச நாள் பித்தம் என்று சுக்குப் பற்று. மாதத்துக்கு ஒரு காரணம் கிடைத்துக்கொண்டே இருந்தது. எந்தக் காரணம் சொன்னாலும் பத்து மணிக்கு வலி போய்விட்டதால், எந்தக் காரணமும் பொய்யாகவில்லை. போகாத நாட்களில் மருந்துக் கடையில் கேட்டு ஒரு மாத்திரை. அட்டையாக வாங்கி அலமாரியில் வைத்திருந்தார். அந்த மாத்திரை பின்னால் வரும், நினைவில் வையுங்கள்.

இதற்கு ஒரு வருடம் முன்பு குடியிருப்போர் சங்கம் நடத்திய முகாமில் அவருக்கு 156/94 என்று எழுதிக் கொடுத்திருக்கிறார்கள். "மாடி ஏறி வந்தேன், அதுதான்" என்று சீட்டை மடித்து வைத்துவிட்டார். மாடி ஏறினால் கூடும் என்பது உண்மையே. அப்படியானால் உட்கார்ந்து இளைப்பாறிய பிறகு மறுபடி பார்த்திருக்க வேண்டும். அது நடக்கவில்லை.

என்னிடம் அவர் தலைவலிக்காக வரவில்லை. கோபமாக வந்தார். வலது கண்ணில் புரை விழுந்து, அறுவைக்குத் தேதி குறித்து, காலையில் வெறும் வயிற்றோடு கண் மருத்துவமனைக்குப் போயிருக்கிறார். நர்ஸ் கையில் பட்டையைச் சுற்றிப் பார்த்துவிட்டு, அரை மணி நேரம் கழித்து மறுபடி பார்த்துவிட்டு, இன்று வேண்டாம் என்று திருப்பி அனுப்பிவிட்டார்கள். முதல் தடவை 198/114. இரண்டாம் தடவை 192/110.

"கண்ணைக் காட்டப் போனால் கையைக் கட்டிப் பார்த்து அனுப்பிவிட்டார்கள், டாக்டர். பயத்தில் ஏறியிருக்கும். நீங்கள் ஒரு சீட்டு எழுதிக் கொடுத்தால் போதும்" என்றார்.

மருத்துவமனைப் பதற்றத்தில் அழுத்தம் கூடுவது கற்பனை அல்ல. வெள்ளைக் கோட்டைக் கண்டாலே பத்து இருபது புள்ளி ஏறுகிறவர்கள் உண்டு. அதனால் அவர் சொன்னதைத் தள்ளிவிடாமல், ஒழுங்காக அளந்து பார்ப்பதுதான் நியாயம். ஒழுங்காக என்றால்: முதலில் கழிப்பறைக்குப் போய்விட்டு வரச் சொன்னேன். சாய்மானம் உள்ள நாற்காலியில், கால் மேல் கால் போடாமல், பாதம் தரையில் படும்படி உட்காரவைத்தேன். கையை மேசைமேல் நெஞ்சுக்கு நேராக வைத்து, ஐந்து நிமிடம் பேசாமல் இருக்கச் சொன்னேன். கடைசியாகச் சொன்னதுதான் அவருக்குச் சிரமமாக இருந்தது. கடைசி அரை மணி நேரத்தில் காபி குடிக்கவில்லை என்பதையும் கேட்டுக்கொண்டேன். சட்டைக் கையை மேலே சுருட்டினால் அதுவே கையை இறுக்கும் என்பதால் சட்டையைக் கழற்றவைத்தேன். அவர் புஜம் தடித்தது. வழக்கமான பட்டை போதாது. பட்டை சிறியதாக இருந்தால் அளவு பொய்யாகக் கூடிக் காட்டும். பெரிய பட்டையை எடுத்தேன்.

வலது கையில் 188/108. இடது கையில் 176/104. இரண்டு நிமிடம் விட்டு வலது கையில் மீண்டும் 186/106. இரண்டு கைகளிலும் கொஞ்சம் வித்தியாசம் இருப்பது வழக்கம்தான். எந்தக் கையில் கூடுதலோ, அந்தக் கையில்தான் இனி எப்போதும் பார்க்க வேண்டும். பதற்றத்துக்கு எத்தனை கழித்தாலும் இது 140/90 என்ற வரம்பைவிட வெகு தூரத்தில் இருக்கிறது.

அப்போதுதான் கேட்டேன்: "காலையில் தலை வலிக்கிறதா, சார்?"

அவர் வாயைத் திறப்பதற்குள் பக்கத்தில் இருந்த அவர் மனைவி, "ஆறு மாதமாக, டாக்டர்" என்றார். மார்கழியிலிருந்து வைகாசிவரை முழுக் கதையும் அதற்குப் பிறகுதான் வெளியே வந்தது.

இங்கே ஒரு முக்கியமான கட்டம் இருக்கிறது. பல வீடுகளில் தடுமாறுவது இங்கேதான். 190 என்ற எண்ணைப் பார்த்ததும் உடனே இறக்க வேண்டும் என்று பதறுகிறார்கள். ஒரு காலத்தில் இதற்கென்றே ஒரு காப்ஸ்யூலைக் குத்தி நாக்கடியில் விடும் பழக்கம் இருந்தது. அழுத்தம் சரசரவென்று இறங்கும். எண்ணைப் பார்த்து எல்லோரும் நிம்மதி அடைவார்கள். ஆனால் பல வருடமாக உயர் அழுத்தத்துக்குப் பழகிய மூளையின் ரத்தக் குழாய்கள், திடீரென்று அழுத்தம் விழுந்தால் போதிய ரத்தத்தைக் கொண்டுபோக முடியாமல் திணறும். சிலருக்குப் பக்கவாதமே வந்தது. அந்தப் பழக்கம் கைவிடப்பட்டதற்குக் காரணம் அதுதான். எனவே முதல் கேள்வி எண் எவ்வளவு என்பது அல்ல. அந்த எண் இப்போது, இந்த நேரத்தில், மூளையையோ கண்ணையோ இதயத்தையோ சிறுநீரகத்தையோ கெடுத்துக்கொண்டிருக்கிறதா என்பதே. கெடுக்கிறது என்றால் அது அவசர சிகிச்சைப் பிரிவுக்குப் போக வேண்டிய விஷயம். இல்லை என்றால் மாத்திரையால் நாள்கணக்கில், வாரக்கணக்கில் மெதுவாக இறக்கலாம்.

அவரைத் திருப்பி அனுப்பிய கண் மருத்துவரே பாதி விடையை எழுதி அனுப்பியிருந்தார். புரை இல்லாத இடது கண் வழியே விழித்திரையைப் பார்த்து, ரத்தக் குழாய்கள் குறுகியிருக்கின்றன, சில இடங்களில் தமனி சிரையை அழுத்துகிறது, ரத்தக்கசிவு இல்லை, பார்வை நரம்பு வீங்கவில்லை என்று குறித்திருந்தார். உடலைத் திறக்காமல் ரத்தக் குழாயை நேராகக் கண்ணால் பார்க்க முடிகிற இடம் விழித்திரை. கசிவோ நரம்பு வீக்கமோ இருந்திருந்தால் அன்று மாலையே பெரிய மருத்துவமனைக்கு அனுப்பியிருப்பேன். இல்லாததால் பொறுமையாகப் பார்க்க அவகாசம் கிடைத்தது. ஆனால் குறுகிய குழாய்கள் வேறொன்றைச் சொல்லின: இது இன்று காலை பயத்தில் ஏறியது அல்ல, வருடக்கணக்கில் இருந்திருக்கிறது. ஈ.சி.ஜி.யும் அதையே சொன்னது. இதயத்தின் இடது கீழறைச் சுவர் தடித்ததற்கான அடையாளம் தெரிந்தது. சிறுநீரில் லேசாகப் புரதம். ரத்தத்தில் கிரியாட்டினின் 1.3, பொட்டாசியம், சர்க்கரை இரண்டும் சரி.

அவருக்கு அதிர்ச்சி தந்தது 188 என்ற எண் அல்ல. இதயச் சுவர் தடித்திருக்கிறது என்றதும்தான் மனிதர் அமைதியானார். தலைவலி ஆறு மாதமாகத்தான். சுவர் தடிக்க அதைவிட வெகு காலம் ஆகும். வலியே இல்லாமல் கழிந்த அந்தக் காலத்தில்தான் கெடுதல் நடந்திருக்கிறது.

ஏன் காலையில் மட்டும் என்று உங்கள் மாமனார் கேட்டதையே அவரும் கேட்டார். நம் ரத்த அழுத்தம் நாள் முழுதும் ஒரே அளவில் நிற்பதில்லை. நலமாக இருக்கிறவருக்குத் தூக்கத்தில் 10 முதல் 20 சதவீதம் இறங்கும். விடியும் வேளையில், விழிப்புக்கு உடல் தயாராகும்போது, அட்ரினலின், கார்ட்டிசால் போன்ற சுரப்புகள் கூடி அழுத்தம் மேலே வரும். மாரடைப்பும் பக்கவாதமும் காலை நேரத்தில் அதிகம் வருவதற்கு இதுவும் ஒரு காரணம். நீண்ட நாள் உயர் அழுத்தம் உள்ள பலருக்கு இரவில் நடக்க வேண்டிய இறக்கம் நடப்பதே இல்லை. இரவு முழுக்க உயரத்திலேயே இருந்து, விடியலில் இன்னும் மேலே போகிறது. படுத்திருக்கும்போது தலைக்குள் அழுத்தம் இயல்பாகவே கொஞ்சம் கூடுதல். எழுந்து நடமாடினால் அது தணியும். வலி பத்து மணிக்குப் போய்விட்டதே தவிர, அழுத்தம் பத்து மணிக்குப் போகவில்லை. மாலை நான்கு மணிக்கு, துளி வலியும் இல்லாத நேரத்தில்தான் என் மேசையில் 188 காட்டியது.

காபி விஷயமும் இதில் குழப்பம் செய்கிறது. தினம் மூன்று நான்கு டம்ளர் காபி குடிக்கிறவருக்கு இரவில் பல மணி நேர இடைவெளி விழுந்தால், அதனாலேயே காலையில் தலை வலிக்கலாம். முதல் டம்ளரில் போய்விடும். கேஷியர் சார் இதைத்தான் தன் கடைசி வாதமாக வைத்தார். இருக்கலாம்தான். ஆனால் எந்தக் காரணத்தையும் ஒத்துக்கொள்வதற்கு முன்பு பட்டையைச் சுற்றிப் பார்த்துவிட வேண்டும். ஐந்து நிமிட வேலை அது. குறட்டையைப் பற்றியும் கேட்டேன். தூக்கத்தில் மூச்சு நின்று நின்று வருகிறவர்களுக்குக் காலைத் தலைவலியும் அடங்காத ரத்த அழுத்தமும் சேர்ந்தே வரும். இதை நோயாளியிடம் கேட்டுப் பயனில்லை, பக்கத்தில் படுக்கிறவரைத்தான் கேட்க வேண்டும். குறட்டை உண்டு, மூச்சு நின்றதில்லை, பகலில் தூங்கி விழுவதும் இல்லை என்றார் அவர் மனைவி. அதனால் அந்த வழியை அப்போதைக்கு விட்டேன்.

பிறகு மாத்திரை அட்டையைக் கேட்டேன். மறுநாள் கொண்டுவந்தார். டைக்ளோஃபினாக்கும் பாராசிட்டமாலும் கலந்தது. வாரத்தில் மூன்று நான்கு நாள் போட்டிருக்கிறார். இந்த வகை வலி மாத்திரைகள், டைக்ளோஃபினாக், ஐபுபுரோஃபென், அசிக்ளோஃபினாக் எல்லாம் ஒரே குடும்பம். வலியைக் குறைக்க எந்தச் சுரப்பைத் தடுக்கின்றனவோ, அதே சுரப்பு சிறுநீரகத்தில் உப்பையும் நீரையும் வெளியேற்ற உதவுகிறது. அதைத் தடுத்ததும் உப்பு உடம்பில் தங்குகிறது, அழுத்தம் ஏறுகிறது. பலருக்கு இது நாலைந்து புள்ளிதான். வயதானவருக்கு, சிறுநீரகம் சற்றே தளர்ந்தவருக்கு அதைவிடக் கூடும். தலைவலிக்கு என்று போட்ட மாத்திரை, தலைவலிக்குக் காரணமானதையே வளர்த்துக்கொண்டிருந்தது.

மருந்தாக ஆம்லோடிபின் 5 மில்லிகிராம், டெல்மிசார்ட்டன் 40 மில்லிகிராம், இரண்டையும் தொடங்கினேன். 160/100-க்கு மேல் இருப்பவர்களில் பலருக்கு ஒரு மருந்து போதாது; சிறிய அளவில் இரண்டு சேர்ந்தால் நன்றாக இறக்கும், பக்கவிளைவும் குறைவு. இது அவருக்குப் பொருந்திய மருந்து. இதைப் பார்த்து யாரும் கடையில் வாங்க வேண்டாம். டெல்மிசார்ட்டன் வகை தொடங்கினால் ஒன்றிரண்டு வாரத்தில் பொட்டாசியத்தையும் கிரியாட்டினினையும் மறுபடி பார்க்க வேண்டும். ஆம்லோடிபினால் சிலருக்குக் கணுக்கால் வீங்கும். சிறுநீரகம் கெட்டுவிட்டதோ என்று பயந்து தாங்களாகவே நிறுத்திவிடுவார்கள். இரண்டையும் முதல் நாளே சொல்லிவிடுவது நல்லது.

உப்பு பற்றிக் கேட்டபோது, "எங்கள் வீட்டில் உப்பு குறைவு" என்றார் கேஷியர் சார். அவர் மனைவி சிரித்தார். சாம்பாரில் குறைவுதான். தட்டோரத்தில் ஆவக்காய், அப்பளம் இரண்டு, தயிர் சாதத்துக்கு மோர் மிளகாய், சாயங்காலம் காராச்சேவு. உலக சுகாதார நிறுவனம் சொல்லும் அளவு நாளொன்றுக்கு 5 கிராமுக்குள், சமமாக வழித்த ஒரு சிறு தேக்கரண்டி. அது ஆவக்காயையும் சேர்த்துத்தான். எதை விடுவது என்று அவர்கள் இருவரும் என் எதிரிலேயே பேரம் பேசி, ஊறுகாயை ஞாயிற்றுக்கிழமைக்கு ஒதுக்கினார்கள். அப்பளம் அடியோடு போயிற்று.

இனி கதையின் சுவையான பகுதி. வீட்டில் அளந்து எழுதிவரச் சொன்னேன். பெங்களூரில் இருக்கும் மகன் மணிக்கட்டில் கட்டும் கருவி ஒன்றை அனுப்பியிருந்தான். அது வேண்டாம், மேல் கையில் கட்டுவதை வாங்குங்கள் என்றேன். மணிக்கட்டு நெஞ்சு மட்டத்தைவிடக் கொஞ்சம் இறங்கினாலும் எண் மாறிவிடும். காலையில் சிறுநீர் கழித்த பிறகு, காபிக்கும் மாத்திரைக்கும் முன்பு, ஒரு நிமிட இடைவெளியில் இரண்டு முறை. இரவு படுக்கும் முன் இரண்டு முறை. ஒரு வாரம் எழுதி, முதல் நாளைத் தள்ளிவிட்டு மீதிக்குச் சராசரி எடுத்தால் ஓரளவு உண்மை தெரியும். வீட்டு அளவுக்கு வரம்பு 135/85. கிளினிக்கைவிடச் சற்றுக் குறைவு.

அவர் கொண்டுவந்தது நோட்டுப் புத்தகம் அல்ல, லெட்ஜர். ஸ்கேல் வைத்துச் சிவப்பு மையில் கோடு போட்டு, தேதி, நேரம், மேல் அளவு, கீழ் அளவு, நாடி, கடைசியில் அகலமாக 'குறிப்பு' என்று ஒரு பத்தி. எண்களைச் சுற்றி முழுமையாக்கி 140, 150 என்று எழுதுவதுதான் எல்லோரும் செய்வது. இவர் 147 என்றால் 147. முதல் வாரச் சராசரி 164/96. இரண்டாம் வாரம் 151/90. இரண்டாம் வாரத்தின் நடுவில் குறிப்புப் பத்தியில் 'தலைவலி இல்லை' என்று ஒரு வரி. மறுநாள் அதற்கு நேர்கீழே 'டிட்டோ'. இந்த மருந்துகள் முழு வலுவைக் காட்ட இரண்டு முதல் நான்கு வாரம் ஆகும் என்பதால் அளவை மாற்றாமல் காத்திருந்தோம்.

மூன்றாம் வாரம் கணக்கு இடித்தது. 151-லிருந்து இறங்க வேண்டியது 163-க்கு ஏறியிருந்தது. இந்த இடத்தில் மருந்தைக் கூட்டிவிடுவதுதான் சுலபம். அதற்கு முன் கேட்க வேண்டியவை சில உண்டு: மாத்திரை விடாமல் போட்டாரா, சாப்பாட்டில் விசேஷம் ஏதாவது உண்டா, புதிதாக வேறு மருந்து சேர்ந்ததா? மாத்திரை ஒன்றுகூடத் தவறவில்லை, கல்யாணச் சாப்பாடு எதுவும் இல்லை, வேறு மருந்தும் இல்லை என்று அடித்துச் சொன்னார். வீட்டுக்குப் போய் மனிதருக்குத் தூக்கம் வரவில்லை போலிருக்கிறது. மறுநாள் கிளினிக் திறப்பதற்கு முன்பே லெட்ஜரோடு வாசலில் நின்றார்.

"கண்டுபிடித்துவிட்டேன், டாக்டர்" என்று குறிப்புப் பத்தியில் விரலை வைத்தார். செவ்வாய்: முழங்கால் வலி. புதன்: முழங்கால், மாத்திரை 2. வியாழன்: மாத்திரை 2. எண் ஏறத் தொடங்கியது வியாழன் இரவு.

தலைவலி மாத்திரையைத் தூக்கிப் போட்டிருந்தார், உண்மைதான். முழங்காலுக்குக் கடைக்காரர் கொடுத்தது வேறு பெயர், வேறு நிறம், வேறு அட்டை. அதனால் அது அவர் மனத்தில் வேறு கணக்கு. அட்டையின் பின்பக்கத்தைப் புரட்டிப் பார்த்தால் அசிக்ளோஃபினாக், அதே குடும்பம். இந்த மாத்திரைகள் அழுத்தத்தை ஏற்றுவதோடு நிற்பதில்லை. டெல்மிசார்ட்டன் போன்ற மருந்தின் வேலையையும் மழுங்கடிக்கும், இரண்டும் சேர்ந்தால் சிறுநீரகத்துக்கும் நல்லதல்ல. நிறுத்தினோம். முழங்காலுக்கு மேலே தடவும் களிம்பு, தொடைத் தசைக்குப் பயிற்சி, தாங்கவே முடியாத நாளில் மட்டும் வெறும் பாராசிட்டமால். அதையும் தினசரி வழக்கமாக்க வேண்டாம் என்று சொன்னேன். நாள் தவறாமல் முழு அளவில் போட்டால் அதுவும் அழுத்தத்தைக் கொஞ்சம் ஏற்றக்கூடியதே. அடுத்த வாரச் சராசரி 144/86. பொட்டாசியமும் கிரியாட்டினினும் மாறாமல் இருந்ததால் டெல்மிசார்ட்டனை 80 ஆக்கினேன். அதன்பின் 132/80-ஐ ஒட்டி நின்றது. கண் அறுவையும் முடிந்தது.

நான் மருந்தைக் கூட்டியிருந்தால் எண் இறங்கியிருக்கும். முழங்கால் மாத்திரையும் தொடர்ந்திருக்கும். சிறுநீரகம்தான் அதற்கு விலை கொடுத்திருக்கும். அழுத்தம் அடங்கவில்லை என்று வருகிறவர்களின் மருந்துப் பையை மேசையில் கொட்டிப் பார்ப்பதை நான் எப்போதும் வலியுறுத்துவது இதனால்தான். மூட்டு வலி மாத்திரை, மூக்கடைப்புக்கான சளி மாத்திரை, தண்ணீரில் போட்டால் நுரைக்கும் மாத்திரைகளில் உள்ள சோடியம், இவை யாரும் 'மருந்து' என்று கணக்கில் சேர்க்காதவை.

இப்போது உங்கள் மாமனாருக்கு. பி.பி. பார்க்கலாம் என்று கூப்பிட்டால் வரமாட்டார் என்று தோன்றுகிறது. அழைத்துப்போவதற்கு வேறு காரணம் கண்டுபிடியுங்கள். அத்தைக்குச் சர்க்கரை பார்க்கத் துணைக்கு வரட்டும். சென்னையில் வார்டுகளில் உள்ள மாநகராட்சி நகர்ப்புற ஆரம்ப சுகாதார நிலையங்களில் காசில்லாமல் அளந்து சொல்வார்கள். 2021-இல் தொடங்கிய 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டத்தில் ரத்த அழுத்த மாத்திரைகளை வீட்டுக்கே கொண்டுவந்து கொடுக்கிறார்கள். அளவு 140/90-க்குக் கீழே இருந்தால் ஒரு வாரம் வீட்டில் காலையில் எழுந்தவுடன் பாருங்கள். கிளினிக்கில் ஒழுங்காக இருந்து வீட்டில் மட்டும் கூடுகிறவர்களும் இருக்கிறார்கள். அப்படிப்பட்டவர்கள்தான் எளிதில் தப்பிவிடுகிறார்கள்.

அங்கேயும் ஒழுங்காக இருந்தால் ரத்த அழுத்தத்தை விட்டுவிடலாம். தலைவலியை விட்டுவிடக் கூடாது. ஐம்பது வயதுக்கு மேல் புதிதாகத் தொடங்கும் தலைவலியை ஒரு மருத்துவர் தொட்டுப் பார்த்தே ஆக வேண்டும். நெற்றிப்பொட்டுத் தமனியின் அழற்சி, தலைக்குள் வளரும் கட்டி, கழுத்தெலும்புத் தேய்மானம், தூக்கத்தில் மூச்சுத் தடை என்று தேட வேண்டியவை பல. முடி சீவும்போது பொட்டுப் பகுதி வலிக்கிறது, மெல்லும்போது தாடை வலிக்கிறது என்றால் தாமதிக்க வேண்டாம். அந்த அழற்சியைக் கவனிக்காவிட்டால் பார்வையே போய்விடலாம். குனிந்தால், இருமினால் வலி கூடுகிறது, நாளுக்கு நாள் வளர்கிறது என்றால் அதையும் சொல்லுங்கள்.

காத்திருக்கக் கூடாத நேரம் ஒன்று உண்டு. நொடியில் உச்சத்துக்குப் போகும் தலைவலி, வாய் கோணுதல், பேச்சுக் குழறுதல், ஒரு பக்கக் கை கால் தளர்தல், பார்வை மங்கல், தொடர்ந்த வாந்தி, நெஞ்சு வலி, மூச்சுத் திணறல், குழப்பமான பேச்சு, இவற்றில் எது வந்தாலும் கருவியைத் தேடி நேரம் கடத்தாமல் 108-ஐக் கூப்பிடுங்கள். எத்தனை மணிக்குத் தொடங்கியது என்பதை மட்டும் குறித்துக்கொள்ளுங்கள். பக்கவாதத்தில் ரத்தக்கட்டைக் கரைக்கும் ஊசியைப் பொதுவாக முதல் நாலரை மணி நேரத்துக்குள்தான் போடுவார்கள், அவசர சிகிச்சைப் பிரிவில் முதலில் கேட்கும் கேள்விகளில் அதுவும் ஒன்றாக இருக்கும்.